பாசறையில் தேனீ கொட்டிய நாள்: பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்ட கேள்விகளுக்கு உடன் சென்ற ஆசிரியையின் பதில்கள்

ரீச்சர், பிள்ளைகள் யாரோ கல்லெறிந்துதான் தேனீ கலைந்தது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. படுவான்கரைப் பக்கத்தில் குளக்கட்டை ஒட்டிய வெளியில் எங்கள் பாசறை நடந்தது. கூடாரங்களுக்கும் தேன்வதை தொங்கிய மருதமரத்துக்கும் இடையில் குளத்தின் வாய்க்கால் ஒன்று ஓடியது. காலை பத்து மணியளவில் பிள்ளைகள் அனைவரும் வாய்க்காலுக்கு இப்பால் முடிச்சுப் போடும் பயிற்சியில் இருந்தார்கள். அந்த நேரத்தில் பெரிய பறவையொன்று மரக்கிளைக்குள் பாய்ந்து வெளியேறியதை நானும் இன்னொரு ஆசிரியரும் பார்த்தோம். அதற்குப் பின் ஒரு நிமிடம்கூடச் செல்லவில்லை, தேனீக்கள் எங்கள் மேல் இருந்தன.

பிற்பகலில் அந்த வயற்கண்டத்துத் தண்ணீர் முறையைக் கவனிக்கும் வட்டவிதானையார் தூரத்தில் நின்று மரத்தைப் பார்த்துவிட்டு, வதையின் கீழ்ப்பகுதி பிய்ந்திருப்பதையும், புழுக்கள் நிறைந்த துண்டொன்று வேரடியில் கிடப்பதையும் காட்டினார். தேன் பருந்து செய்யும் வேலை இது. அந்தப் பருந்து தேனுக்காக அல்ல, வதையின் கீழ்ப்பாகத்தில் உள்ள புழுக்களுக்காகவே வருகிறது. நெருக்கமான இறகுகள் அதன் முகத்தைக் காப்பதால் அது ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு தப்பிவிடும். ஆனால் கலைந்த தேனீக்கள் பருந்து போன பிறகும் அடங்குவதில்லை, அருகில் அசையும் எதையும் பகையாகவே கொள்ளும். மாடு மேய்ப்பவர்கள், வயலில் நிற்பவர்கள், கோயில் திருவிழாவுக்குக் கூடியவர்கள் என்று ஒன்றும் அறியாதவர்கள் கொட்டு வாங்கும் சம்பவங்கள் சிலவற்றுக்குப் பின்னாலும் இப்படியொரு பருந்து இருக்கக்கூடும். எனவே தங்கள் பிள்ளையிடம் "நீ எறிந்தாயா" என்று மீண்டும் மீண்டும் விசாரிக்கும் பெற்றோர் அதை நிறுத்திவிட வேண்டுகிறேன்.

அது குளவியா, தேனீயா? பத்திரிகையில் குளவி என்று போட்டிருந்தார்களே.

தேனீதான், பாறை விளிம்புகளிலும் உயர்ந்த மரங்களிலும் தண்ணீர்த் தாங்கிகளிலும் ஒற்றை வதையாகத் தொங்கும் பெரிய மலைத்தேனீ. சிங்களத்தில் பம்பரா என்பது இதைத்தான். பெட்டியில் வளர்க்கும் தேனீயும் மரப்பொந்துத் தேனீயும் இதைவிடச் சிறியவை. அவை இருட்டுக்குள் பல வதைகள் கட்டும். மலைத்தேனீயின் வதை வெட்டவெளியில் தொங்குகிறது. ஒரு மீட்டர் அகலத்துக்கும் வளரக்கூடிய அந்த வதையின் இரு பக்கமும் தேனீக்களே அடுக்கடுக்காகத் திரையிட்டிருப்பதால், தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு வதை தெரியாது, கருமண்ணிறமான அரைவட்டம் ஒன்றுதான் தெரியும். மறைவிடம் இல்லாத கூடு என்பதால் அதைக் காக்கும் வேகமும் இந்த இனத்துக்கு அதிகம்.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் சிகிச்சை. தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால் அது எங்கள் தோலில் மாட்டிக்கொண்டு, நச்சுப்பையோடு அறுந்து அங்கேயே நின்றுவிடுகிறது. குளவி கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. ஒரே குளவி பலமுறை குத்தும். எங்கள் பிள்ளைகளின் கழுத்திலும் காதிலும் கொடுக்குகள் நின்றிருந்தன. அதைச் சொன்னவுடன் வைத்தியர் வேறு கேள்வி கேட்கவில்லை.

ஓடச் சொன்னீர்களாமே. அசையாமல் படுத்திருந்தால் விட்டுவிடும் என்றுதானே பெரியவர்கள் சொல்வார்கள்?

ஒன்றிரண்டு தேனீ முகத்தைச் சுற்றினால் அசையாமல் நிற்பது சரியான அறிவுரை. வதை கலைந்து கூட்டமாக வந்த பின்னர் அது ஆபத்தான அறிவுரை. கொட்டும் ஒவ்வொரு தேனீயும் கொடுக்கோடு ஒரு வாசனைப் பொருளையும் விட்டுச் செல்கிறது. அதில் முக்கியமானது ஐசோஅமைல் அசற்றேற்று; வாழைப்பழ மணம் போலிருக்கும். மற்றத் தேனீக்கள் அந்த மணம் வரும் இடத்தைத் தேடி வந்து அங்கேயே கொட்டும். ஆகவே படுத்திருக்கும் பிள்ளை நேரம் செல்லச் செல்ல மேலும் தெளிவான இலக்காக மாறுகிறது.

ஓடுவது என்றால் தேனீயை முந்துவது அல்ல. எந்தப் பிள்ளையாலும் அது முடியாது. மரத்தில் இருந்து விலக விலகத் துரத்தும் தேனீக்கள் குறையும் என்பதும், கதவு சாத்தக்கூடிய ஓரிடத்தை அடைவதும்தான் நோக்கம். மலைத்தேனீ நூறு மீட்டருக்கு அப்பாலும் விடாமல் வரக்கூடியது என்பதால் பக்கத்துப் பற்றைக்குள் ஒளிவதில் பயனில்லை. எங்களுக்குப் பல்தேவைக் கட்டடம் ஒன்று ஏறத்தாழ இருநூறு மீட்டரில் இருந்தது. பொருட்கள் ஏற்றி வந்த வானும் நின்றது. சட்டையின் கழுத்துப் பகுதியைத் தலைக்கு மேல் இழுத்துக் கண்ணையும் மூக்கையும் வாயையும் மறைத்துக்கொண்டு, கால் தெரியும் அளவுக்கு மட்டும் பார்த்து ஓடுமாறு சத்தமிட்டோம். வயிற்றில் நாலு கொட்டு விழுந்தாலும் பரவாயில்லை, கண்ணிலும் தொண்டையிலும் விழக்கூடாது. கைகளை வீசி அடித்த பிள்ளைகளுக்கே கூடுதலாகக் கொட்டு விழுந்தது. வேகமான அசைவும் நசுங்கிய தேனீயின் மணமும் இன்னும் தேனீக்களை அழைக்கின்றன.

கட்டடத்துக்குள் எங்களோடு சில டசின் தேனீக்களும் வந்தன. அதற்காகக் கதவைத் திறந்து வைக்கவில்லை. உள்ளே வந்தவை வெளிச்சம் தெரிந்த யன்னல் கண்ணாடியை நோக்கிப் போய்விட்டன. பிள்ளைகளை எதிர்ச் சுவரோரம் இருத்தினோம். வானுக்குள் ஏறியவர்களுக்கும் இதையே செய்தோம்: கண்ணாடிகளை மூடி, அரைக் கிலோமீட்டர் ஓட்டிச் சென்ற பின்னர்தான் திறந்தோம்.

குளம் பக்கத்தில் தானே இருந்தது, தண்ணீருக்குள் இறங்கியிருந்தால்?

கூட்டமாக வந்த தேனீ நீருக்கு மேலே சுற்றிக்கொண்டு காத்திருக்கும். மூச்சுக்காகத் தலையை உயர்த்தும் ஒவ்வொரு தடவையும் முகத்திலேயே கொட்டு விழும். வாயைத் திறக்கும்போது நாக்கிலும் தொண்டையிலும் விழலாம். நீச்சல் தெரியாத பிள்ளைகள், பதற்றம், சேறு ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் பக்கத்துக் குளங்களில் முதலை இருப்பதை நான் சொல்லத்தான் வேண்டுமா?

கொடுக்கை எப்படி எடுத்தீர்கள்? நசுக்கினால் நஞ்சு உள்ளே போகும் என்பார்களே.

அட்டையால் பக்கவாட்டில் வழித்தெடுக்க வேண்டும், விரலால் கிள்ளக்கூடாது என்று பழைய முதலுதவிக் கையேடுகளில் நானும் படித்திருக்கிறேன். பின்னர் செய்யப்பட்ட பரிசோதனைகளில் எடுக்கும் முறையால் வேறுபாடு தெரியவில்லை. எடுக்கும் வேகம்தான் வேறுபாட்டைத் தந்தது. தேனீயை விட்டுப் பிரிந்த பிறகும் நச்சுப்பை தானாகச் சுருங்கி நஞ்சைச் செலுத்திக்கொண்டிருக்கிறது. அதில் பெரும்பகுதி முதல் 20 முதல் 30 விநாடிகளுக்குள் உள்ளே போய்விடும். அட்டை தேடும் நேரத்தில் அது முடிந்துவிடுகிறது. நகத்தாலோ விரலாலோ கிடைத்தபடி எடுத்துவிடுவதே சரி.

ஆனால் தேனீ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போது நின்று கொடுக்கு எடுக்கக்கூடாது. முதலில் ஓட்டம், கதவு, அதன் பின்னரே கொடுக்கு. நாங்கள் உள்ளே வந்து எடுத்தபோது பெரும்பாலான கொடுக்குகளில் நஞ்சு தீர்ந்திருக்கும்; ஆயினும் அந்த வாசனைப் பொருள் போக வேண்டும் என்பதற்காகவும், தோலில் நின்றால் புண்ணாகும் என்பதற்காகவும் எடுத்தோம். கொடுக்கு எடுக்கும்போதே ஒவ்வொரு பிள்ளைக்கும் உடலின் எந்தப் பக்கத்தில் எத்தனை கொட்டு என்று தனித்தனியாக எண்ணித் தாளொன்றில் எழுதினோம். எண்ணுவதற்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. வீக்கம் ஒன்றோடொன்று சேர்ந்த பிறகு எவராலும் எண்ண முடியாது.

பெண் பிள்ளைகளின் பின்னலுக்குள்ளும் தலையை மூடிய துணிக்குள்ளும் உயிரோடு தேனீ சிக்கியிருந்தது. ஒருத்தி பத்து நிமிடம் கழித்துத்தான் "தலைக்குள் ஏதோ இரைகிறது" என்றாள். பின்னலை அவிழ்த்துச் சீப்பால் வாரி வெளியேற்றுவதற்கென்றே ஓர் ஆசிரியை தேவைப்பட்டார். கொட்டுப்பட்ட சட்டைகளை மாற்றிப் பையில் கட்டிவிட்டோம். அந்தச் சட்டையோடு மீண்டும் வெளியே போனால் தேனீ தேடி வரும்.

என் மகனுக்கு நாற்பதுக்கு மேல் கொட்டு. மூன்றே கொட்டு வாங்கிய பிள்ளையை ஏன் முதலில் அம்பியூலன்சில் அனுப்பினீர்கள்?

இந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்ட தந்தையிடம் எனக்கு மனவருத்தம் இல்லை; அவர் இடத்தில் நின்றால் நானும் கேட்டிருப்பேன். இதற்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன், ஏனெனில் இவ்வளவு கேள்விகளிலும் மற்ற ஆசிரியர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது இதுதான் என்று நினைக்கிறேன்.

தேனீ கொட்டினால் உயிராபத்து இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று நஞ்சின் அளவு. கொட்டு கூடக்கூட ஆபத்து கூடும், ஆனால் அது மணித்தியாலக் கணக்கில் வெளிப்படும். மற்றையது ஒவ்வாமை, அதற்கு எண்ணிக்கை தேவையில்லை, ஒரு கொட்டே போதும், அது நிமிடக் கணக்கில் ஆளைச் சாய்க்கும். ஆகவே யாருக்கு எத்தனை கொட்டு என்று பார்த்து வரிசைப்படுத்தினால் வரிசை தலைகீழாகிவிடும். கொட்டிய இடத்தை அல்ல, கொட்டாத இடத்தைப் பார்க்க வேண்டும்: கையில் கொட்டிய பிள்ளைக்கு வயிற்றில் தடிப்பு எழுகிறதா, கழுத்தில் கொட்டாத பிள்ளைக்குக் குரல் கரகரக்கிறதா?

தரம் 8 மாணவி ஒருத்திக்கு முன்னங்கையில் இரண்டும் தோளில் ஒன்றுமாக மூன்று கொட்டுகள்தான். கட்டடத்துக்குள் வந்தபோது அழாமல் மற்றவர்களுக்கு உதவிக்கொண்டிருந்தாள். ஏழெட்டு நிமிடத்தில் உள்ளங்கையும் தலையும் அரிக்கிறது என்றாள். சட்டையை விலக்கிப் பார்த்தபோது வயிற்றிலும் முதுகிலும் சிவந்த தடிப்புகள் பரவியிருந்தன. அதன் பிறகு உதடு தடித்தது, வாந்தி எடுத்தாள், மூச்சு விடும்போது நெஞ்சில் இருந்து விசில் சத்தம் கேட்டது. தோலில் மட்டும் தடிப்பு என்றால் அது ஓரளவு பொறுக்கக்கூடியது. தோலோடு மூச்சோ, தொடர் வாந்தியோ, மயக்கமோ சேர்ந்தால் அது கடும் ஒவ்வாமை. சில பிள்ளைகளுக்குத் தோலில் எதுவுமே தெரியாமல் நேரடியாக மயக்கமே வரும்.

அதற்கு மருந்து ஒன்றுதான்: தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. அது எங்கள் முதலுதவிப் பெட்டியில் இருக்கும் பொருள் அல்ல. அம்பியூலன்சிலும் வைத்தியசாலையிலும் இருப்பது. பிரிட்டோன் என்று கடையில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின் மாத்திரை அரிப்பைக் குறைக்குமே தவிர, மூச்சுக்குழாய் அடைபடுவதையும் இரத்த அழுத்தம் விழுவதையும் தடுக்காது. மாத்திரை கொடுத்துவிட்டுக் கொஞ்சம் பார்ப்போம் என்று காத்திருப்பதில் உயிர்கள் போகின்றன. அதனால் அரிப்புப் பரவியதைக் கண்டவுடனேயே இன்னொரு ஆசிரியர் 1990 சுவசெரியவை அழைத்தார். "தேனீ கொட்டியது" என்று மட்டும் சொல்லாமல், "மூச்சு விடச் சிரமப்படும் பிள்ளை ஒருவர் இருக்கிறார், வாந்தி எடுக்கிறார்" என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னார். வீதியின் பெயரை மட்டும் சொல்வது எங்கள் கிராமப்புறங்களில் போதாது என்பதால், பிரதான வீதியில் திரும்ப வேண்டிய சந்தியில் மோட்டார் சைக்கிளோடு ஒருவரை நிறுத்தினோம். தொலைபேசி அலை சரியாகக் கிடைக்காத இடம் அது. குளக்கட்டின் மேல் ஏறினால்தான் அழைப்பு கிடைக்கும் என்பதை முதல்நாளே பார்த்து வைத்திருந்தோம்.

வண்டி வரும் வரை அவளைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினோம். மூச்சுச் சிரமம் கூடியபோது சுவரில் சாய்த்து இருத்தினோம். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடவில்லை. கடும் ஒவ்வாமையில் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் குறைந்திருக்கும்போது திடீரென்று எழுந்தால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் போதாமல் அந்த இடத்திலேயே சரியலாம். "மலசலகூடம் போகவேண்டும்" என்று அவள் கேட்டபோதுகூடத் தூக்கியே சென்றோம்.

உங்கள் மகன் அந்த நேரத்தில் வலியில் துடித்தார், ஒருமுறை வாந்தியும் எடுத்தார். ஆனால் தெளிவாகப் பேசினார், மூச்சு சீராக இருந்தது, கொட்டாத இடங்களில் தடிப்பு இல்லை. அவருக்கும் வைத்தியசாலை அவசியம் என்பதில் எங்களுக்கு ஐயம் இருக்கவில்லை. அவரை ஆசிரியர் ஒருவருடன் வானில் அனுப்பினோம், கொட்டுகளின் எண்ணிக்கை எழுதிய தாளையும் கையில் கொடுத்து.

அப்படியென்றால் மகனை ஏன் ஓர் இரவு முழுக்க வாட்டில் வைத்திருந்தார்கள்? மாலையில் நன்றாகத்தானே இருந்தார்.

இதுதான் நஞ்சின் அளவால் வரும் ஆபத்து. தேனீ நஞ்சில் உள்ள மெலிற்றின் என்ற புரதம் உயிரணுக்களின் மென்சவ்வை உடைக்கிறது. கொட்டு அதிகமானால் தசையணுக்களும் செவ்வணுக்களும் சிதைந்து, அவற்றின் எச்சங்கள் சிறுநீரகத்தில் போய்ப் படிகின்றன. இது உடனே தெரிவதில்லை. பிள்ளை எழுந்து நடந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே நடந்துகொண்டிருக்கலாம். முதலில் வெளியில் தெரியும் அடையாளம் சிறுநீர் குறைவது, அல்லது பிளேன்டீ நிறத்தில் போவது. அதனால்தான் தாதியர் ஒவ்வொரு முறையும் சிறுநீரின் அளவையும் நிறத்தையும் கேட்டு எழுதினார்கள். நாளத்தின் வழியே சேலைன் ஏற்றினார்கள். சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்று காட்டும் கிரியற்றினின் அளவை இரத்தத்தில் இரண்டு தடவை பார்த்தார்கள்.

எத்தனை கொட்டு உயிரைப் பறிக்கும் என்று பல பெற்றோர் கேட்டார்கள். ஒவ்வாமை இல்லாத ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 19 கொட்டு என்ற மதிப்பீடு மருத்துவ நூல்களில் உண்டு. நாற்பது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது எழுநூற்றைத் தாண்டும். இந்தக் கணக்கை நான் சொல்லத் தயங்குவதற்குக் காரணம், அதைக் கேட்டவர்கள் "நாற்பது கொட்டுத்தானே" என்று வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுவார்கள் என்பதே. சாவுக்கும் சுகத்துக்கும் நடுவே சிறுநீரகம் கெடுவது என்ற பெரிய இடைவெளி இருக்கிறது. ஐம்பதை நெருங்கும் எண்ணிக்கை என்றால் பிள்ளையை 24 மணித்தியாலம் கண்காணிக்க வேண்டும் என்பது வைத்தியர்கள் பின்பற்றும் நடைமுறை. சிறிய பிள்ளை என்றால் அதற்கும் குறைவான எண்ணிக்கைக்கே வைத்திருப்பார்கள். எங்கள் எண்ணிக்கையும் துல்லியம் அல்ல. தலைமயிருக்குள் இருந்தவற்றை யார் முழுதாக எண்ணினார்கள்?

மூன்று கொட்டு வாங்கிய மாணவியும் அன்றிரவு அங்கேதான் இருந்தாள், வேறு காரணத்துக்காக. ஊசி போட்டு அரை மணித்தியாலத்தில் மூச்சு சீரானாலும், மருந்தின் வலு குறைந்த பின்னர் சில மணித்தியாலங்கள் கழித்து அதே ஒவ்வாமை இரண்டாவது தடவை திரும்பி வரலாம்.

சுண்ணாம்பு பூசியிருந்தால் நஞ்சு முறிந்திருக்குமே? மஞ்சளாவது பூசியிருக்கலாம்.

நஞ்சு தோலுக்கு அடியில் இருக்கிறது, சுண்ணாம்பு தோலின் மேல் நிற்கிறது, இரண்டும் சந்திப்பதில்லை. ஈரச் சுண்ணாம்பு பிள்ளைகளின் தோலைப் புண்ணாக்கவும் கூடும், கண்ணருகில் பூசினால் பார்வைக்கே கேடு. மஞ்சளில் அவ்வளவு தீங்கில்லை, ஆனால் தோலின் நிறத்தை மறைத்து, தடிப்பு பரவுகிறதா என்று வைத்தியர் பார்ப்பதைக் கடினமாக்கும். சவர்க்காரமிட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்து எடுப்பதையே நாங்கள் செய்தோம். வலிக்குப் பரசிற்றமோல், எடைக்கு ஏற்ற அளவில். பல கொட்டு வாங்கிய பிள்ளைக்கு ஐபுபுரோபன் வகை வலி மாத்திரைகளை வைத்தியர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். அவை சிறுநீரகத்துக்கு மேலும் சுமையாகலாம்.

வீட்டுக்கு வந்த மறுநாள்தான் கண் மூடும் அளவுக்கு வீங்கியது. கிருமி ஏறிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. கொட்டிய இடத்தைச் சுற்றிய வீக்கம் இரண்டு நாள் வரை கூடிக்கொண்டே போவது வழக்கம். இமையும் உதடும் மெல்லிய தோல் என்பதால் அங்கே ஒரு கொட்டே பார்ப்பவரைத் திகிலடையச் செய்யும். ஒரு வாரத்துக்குள் வற்றிவிடும்; அந்த வீக்கத்துக்காக நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படுவதில்லை. நாலைந்து நாள் கழித்து வலி புதிதாகக் கூடினாலோ, காய்ச்சலோடு சீழ் வைத்தாலோ காட்டுங்கள். இமையில் அல்லாமல் கண்மணியிலேயே கொட்டியிருந்தால், பார்வை மங்கினால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், அன்றே கண் வைத்தியரிடம் போக வேண்டும். கருவிழியில் தைத்த கொடுக்கை வீட்டில் எடுக்க முயலக்கூடாது.

எங்கள் பாடசாலையும் அடுத்த தவணை பாசறை போடப்போகிறது. இடம் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பும் அனுமதிக் கடிதத்தில் தண்ணீர், மலசலகூடம், பொலிஸ் நிலையம் எல்லாம் கேட்கப்படும். மரத்தை அண்ணாந்து பார்த்தீர்களா என்று எவரும் கேட்பதில்லை. முகாமுக்கு முன் பகலிலேயே ஒருவர் போய் உயர்ந்த மருதமரங்கள், ஆலமரங்கள், பாறை விளிம்புகள், தண்ணீர்த் தாங்கியின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம்பெயர்ந்து போய், பின்னர் அதே மரத்துக்குத் திரும்பி வரும் பழக்கமுள்ளது. ஆகவே சென்ற வருடம் வெறுமையாக இருந்தது என்பது உறுதியல்ல. மாடு மேய்ப்பவரிடமும் வட்டவிதானையிடமும் எந்த மரத்தில், எந்த மாதம் தொங்கும் என்று கேளுங்கள், அவர்கள் சரியாகச் சொல்வார்கள்.

வதை கண்ணில் பட்ட இடத்தில் பாசறை போட வேண்டாம் என்பதே என் நேரடியான பதில். எங்களுக்கு இடையில் வாய்க்கால் இருந்தது, பிள்ளைகள் ஒழுங்காக இருந்தார்கள், அவை எதுவும் பருந்தைத் தடுக்கவில்லை. எதிர்பாராமல் அருகில் வதையைக் கண்டுவிட்டால், அதன் மேற்பரப்பில் அலை அலையாக ஓர் அசைவு ஓடுகிறதா என்று தூரத்தில் நின்று பாருங்கள். தேனீக்கள் வரிசையாக வயிற்றை உயர்த்தி இறக்குவதால் வரும் அந்த அலை, தாம் எதையோ அச்சுறுத்தலாகக் கண்டிருக்கிறோம் என்பதற்கான எச்சரிக்கை. அப்போது பின்வாங்க இன்னும் நேரம் இருக்கிறது. இரவில் அந்தப் பக்கம் டோர்ச் அடிக்கக்கூடாது. கலைந்த மலைத்தேனீ வெளிச்சத்தைத் தேடி வரும். பாசறைத் தீயின் புகை வதைப் பக்கம் போகாதபடி காற்றின் திசையையும் பாருங்கள்.

கூடாரத்தை விடக் கதவு முக்கியம். எல்லாப் பிள்ளைகளும் நிற்கக்கூடிய, கதவும் யன்னலும் சாத்தக்கூடிய கட்டடம் ஓடிச்செல்லும் தூரத்தில் இருக்க வேண்டும். அதன் திறப்பு பாசறையில் இருப்பவரின் கையிலேயே இருக்க வேண்டும், ஊரில் உள்ள செயலாளரின் வீட்டில் அல்ல. பெற்றோரின் சம்மதக் கடிதத்தில் "முன்பு தேனீயோ குளவியோ கொட்டியபோது உடலெங்கும் தடித்ததா, மூச்சு முட்டியதா, ஆஸ்துமா உண்டா" என்ற ஒரு வரியைச் சேருங்கள்.

அந்த வதையை ஏன் கொளுத்திவிடவில்லை?

அன்று மாலை சில இளைஞர்கள் பந்தத்தோடு வந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள், சரியாகத்தான் செய்தார்கள். எரியும் வதையில் இருந்து கிளம்பும் தேனீக்கள் இருட்டில் பந்த வெளிச்சத்தையும் அருகிலுள்ள வீட்டு விளக்குகளையும் நோக்கியே வரும். அந்தப் பருவத்தோடு அவை தாமாகவே போய்விடும். அதுவரை குளக்கட்டின் அந்தப் பகுதியால் மாடுகளை ஓட்ட வேண்டாம் என்று கிராம உத்தியோகத்தர் ஊடாக அறிவித்தார்கள்.

ஒவ்வாமை வந்த பிள்ளை இனிப் பாசறைக்கு வரலாமா?

அதை நானோ பெற்றோரோ தீர்மானிக்க முடியாது. ஒவ்வாமை சம்பந்தமான விசேட வைத்தியரின் ஆலோசனை வேண்டும். தேனீ நஞ்சுக்கு எதிரான பிறபொருளெதிரி உடலில் இருக்கிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனையைக் கொட்டிய உடனே செய்தால் பொய்யாக இல்லை என்று வரக்கூடும். நாலு முதல் ஆறு வாரம் கழித்துச் செய்வதுதான் நம்பகமானது என்பதால், வைத்தியசாலையில் தந்த நோய் அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து அந்தக் காலத்தில் கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள். முதல் தடவை மூச்சையோ இரத்த அழுத்தத்தையோ தாக்கிய பிள்ளைக்கு இன்னொரு கொட்டிலும் அதுவே வரும் வாய்ப்பு கணிசமானது. தோலில் மட்டும் தடித்த பிள்ளைக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அந்த மாணவியின் வகுப்பாசிரியரிடமும் விளையாட்டுப் பொறுப்பாசிரியரிடமும் இந்த விபரத்தை எழுத்தில் கொடுத்துள்ளோம். வைத்தியரின் கடிதம் கிடைக்கும் வரை அவளை வெளிக்கள நிகழ்ச்சிகளில் சேர்ப்பதில்லை என்று அதிபரும் பெற்றோரும் இணங்கியிருக்கிறார்கள்.